மூன்று லட்சம் ரூபாய் எந்த ஆண்டின் செலவு?

1966 டிசம்பரில் மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பணம் திருப்பித் தரப்படும். ஆனால் பத்திரத்தில் 100 ரூபாய் என்று அச்சாகியிருந்ததை 98 ரூபாய்க்கு விற்றார்கள். இரண்டு சதவீதத் தள்ளுபடி, மொத்தத்தில் 3 லட்சம் ரூபாய்.

1967 ஜூன் 30-ல் அந்த நிறுவனத்தின் கணக்காண்டு முடிந்தது. பத்திரம் விற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 25,000, ஆறு மாதத்துக்கு 12,500. தன் கணக்குப் புத்தகத்தில் நிறுவனம் செலவாக எழுதியது இந்த 12,500-ஐத்தான். வருமான வரி என்று வந்தபோது மட்டும், மூன்று லட்சத்தையும் அந்த ஒரே ஆண்டின் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. வழக்கு மேலே மேலே போய், 1997-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தள்ளுபடி செலவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணத்தைப் பன்னிரண்டு ஆண்டு வைத்துப் பயன்படுத்தப்போகிறீர்கள், ஆகவே செலவையும் பன்னிரண்டு ஆண்டுக்குப் பரப்புங்கள் என்றது நீதிமன்றம். முழுவதையும் முதல் ஆண்டிலேயே கழித்தால் அந்த ஆண்டின் லாபம் உள்ளபடி தெரியாது என்பது அதன் காரணம். நிறுவனத்தின் சொந்தக் கணக்குப் பிள்ளை முப்பது ஆண்டுக்கு முன்பு எழுதிய 12,500-க்குத்தான் வழக்கு கடைசியில் திரும்பி வந்தது.

அந்தத் தீர்ப்பு ‘பரப்ப வேண்டும்’ என்பதைத் தீர்த்துவைத்தது. எப்படிப் பரப்புவது என்பது தனிக் கேள்வி. ஆண்டுக்கு 25,000 என்று சமமாகப் பரப்புவது எளிது. இன்றைய கணக்கு நியமங்கள் அந்த எளிய வழியை ஏற்பதில்லை. ஏன் என்று புரிய, தள்ளுபடி என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்டல் கடன் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்தாயிரம் கடன் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். பிடித்துக்கொண்ட 1,500 வட்டிதான் என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கம்பெனிக் கடன்பத்திரத்தின் தள்ளுபடியும் அப்படித்தான். பெயரைப் பார்த்து ஆடிமாதத் துணிக்கடைத் தள்ளுபடியோடு சேர்த்துவிடக் கூடாது. அது வட்டி, கடன் முடிகிற நாளில் அசலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வட்டி.

ஒரு கம்பெனி ஏன் இப்படி விற்கிறது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்திரத்தின் முகமதிப்பு ஒரு லட்சம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி, அதாவது 8,000 ரூபாய், ஆண்டு முடிவில். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் திரும்பி வரும். அச்சடித்து, அனுமதி வாங்கி, விற்கப் போகும்போது இதே தரமுள்ள கம்பெனிகளுக்குச் சந்தை கேட்கும் வட்டி 10 சதவீதமாக இருக்கிறது. எட்டு சதவீதம் தரும் பத்திரத்துக்கு முழு ஒரு லட்சத்தை யாரும் தர மாட்டார்கள். பத்து சதவீதக் கணக்கில், ஐந்து ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு 62,092 ரூபாய். ஆண்டுதோறும் வரும் ஐந்து எட்டாயிரங்களின் இன்றைய மதிப்பு 30,326. இரண்டையும் கூட்டினால் 92,418. வாங்குபவர் அதைத்தான் தருவார். மிச்சம் 7,582 ரூபாய் தள்ளுபடி.

ஆக, கம்பெனியின் கைக்கு வந்தது 92,418. அது வெளியே கொடுக்கப்போவது ஐந்து எட்டாயிரமும் ஒரு லட்சமும், ஆக 1,40,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 47,582 ரூபாய். ஐந்தாண்டில் இந்தக் கடனுக்கு ஆகும் மொத்த வட்டிச் செலவு அதுதான். காசாகப் போகும் 40,000-ஐ மட்டும் வட்டி என்று எழுதினால் 7,582 விட்டுப்போகும்.

பழைய கணக்குமுறையில் இந்த 7,582 விசித்திரமான ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கடன் ஒரு லட்சம் என்று ஐந்தொகையின் பொறுப்புப் பக்கம் எழுதுவார்கள். வந்தது 92,418 மட்டுமே என்பதால் கணக்கு இடிக்கும். மீதியைச் சொத்துப் பக்கத்தில், ‘இன்னும் எழுதித் தள்ளப்படாத செலவுகள்’ என்ற வகையில் வைப்பார்கள். எதற்கும் விற்க முடியாத, யாரும் தரவேண்டியிராத ஒரு தொகை, நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் கீழே சொத்து என்ற பெயரில் நிற்கும். போதாததற்கு, பங்குகளைக் கூடுதல் விலைக்கு விற்றதில் சேர்ந்த செக்யூரிட்டீஸ் பிரீமியம் இருந்தால், அதிலிருந்து இந்தத் தள்ளுபடியை நேராகக் கழித்துவிடவும் சட்டம் இடம் தந்தது. அப்படிச் செய்தால் வட்டியில் ஒரு பகுதி லாப நட்டக் கணக்கைத் தொடாமலே மறைந்துவிடும். லாபம் அந்த அளவுக்குக் கூடித் தெரியும். 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 52-வது பிரிவிலும் இந்த வழி இருக்கிறது. ஆனால் புதிய இண்ட் ஏ.எஸ். நியமங்களைப் பின்பற்றும் கம்பெனிகளுக்கு அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் பிரீமியத்திலிருந்து கழிக்கலாம் என்று அங்கே சொல்லியிருப்பது பங்கு வெளியீட்டுச் செலவை மட்டும். கடன்பத்திரத் தள்ளுபடி அதில் இல்லை.

இந்தப் புதிய முறை இந்தியாவில் பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் 1 முதல் வந்தது. கடன்பத்திரக் கணக்கைச் சொல்வது இண்ட் ஏ.எஸ். 109. அதன்படி முதல் நாள் எழுத வேண்டிய கடன் ஒரு லட்சம் அல்ல. கைக்கு வந்த 92,418 மட்டுமே. வங்கிக் கணக்கில் பற்று 92,418, கடன்பத்திரக் கணக்கில் வரவு 92,418. சொத்துப் பக்கத்தில் தள்ளுபடிக்கு என்று ஒரு வரியும் கிடையாது.

பிறகு இந்தக் கடனின் உண்மை வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எதிர்காலத்தில் கொடுக்க வேண்டியவை எல்லாவற்றையும் எந்த வீதத்தில் தள்ளிக் கணக்கிட்டால் சரியாக இன்று கைக்கு வந்த தொகை கிடைக்கிறதோ, அந்த வீதம். ஆடிட்டர் அலுவலகங்களில் இதை ‘எஃபெக்டிவ் இன்ட்ரஸ்ட் ரேட்’, இன்னும் சுருக்கி ‘இ.ஐ.ஆர்.’ என்பார்கள். நம் கணக்கில் அது 10 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் புத்தகத்தில் நிற்கும் கடனை இந்தப் பத்தால் பெருக்கினால் வருவது அந்த ஆண்டின் வட்டிச் செலவு.

முதல் ஆண்டில் 92,418-க்குப் பத்து சதவீதம் 9,242. காசாகக் கொடுத்தது 8,000. கொடுக்காமல் நின்ற 1,242 எங்கே போகும்? கடனோடு சேரும். வட்டிச் செலவில் பற்று 9,242. வங்கியில் வரவு 8,000. கடன்பத்திரக் கணக்கில் வரவு 1,242. ஆண்டு முடிவில் கடன் 93,660. அடுத்த ஆண்டு வட்டி இந்தப் புதிய தொகைக்கு. கட்டாத வட்டி அசலேறும், ஏறிய அசலுக்கு மறுபடி வட்டி. இப்படி ஒவ்வோர் ஆண்டும் நகரும் இருப்புக்குத்தான் ‘அமார்டைஸ்டு காஸ்ட்’ என்று பெயர்.

| ஆண்டு | தொடக்கக் கடன் | வட்டிச் செலவு | கொடுத்த காசு | கடனில் ஏறியது | முடிவுக் கடன் |
|---|---|---|---|---|---|
| 1 | 92,418 | 9,242 | 8,000 | 1,242 | 93,660 |
| 2 | 93,660 | 9,366 | 8,000 | 1,366 | 95,026 |
| 3 | 95,026 | 9,503 | 8,000 | 1,503 | 96,529 |
| 4 | 96,529 | 9,653 | 8,000 | 1,653 | 98,182 |
| 5 | 98,182 | 9,818 | 8,000 | 1,818 | 1,00,000 |

ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் தானாகவே ஒரு லட்சத்தில் வந்து நிற்கிறது. அன்று ஒரு லட்சத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும்போது லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தள்ளுபடி முழுவதும் ஐந்தாண்டு வட்டியில் கரைந்துவிட்டது.

இதையே 1967 முறையில் சமமாகப் பரப்பினால் ஆண்டுக்கு 1,516 வரும். வட்டிச் செலவு ஐந்து ஆண்டும் 9,516. முதல் ஆண்டில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் 274 ரூபாய். ‘இதற்கா இவ்வளவு சிரமம்’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் சமமாகப் பரப்பியவர் தன்னை அறியாமல் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். முதல் ஆண்டு 92,418 கடனுக்கு 9,516 வட்டி என்றால் சுமார் 10.3 சதவீதம். ஐந்தாம் ஆண்டு அவர் கணக்கில் கடன் 98,484. அதற்கும் அதே 9,516 என்றால் சுமார் 9.7 சதவீதம். ஒரே கடன், ஒரே ஒப்பந்தம், வட்டி மாறவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு கடன் மலிந்துகொண்டே போனது போலக் கணக்கு காட்டுகிறது. அது உண்மையல்ல.

சிறிய தள்ளுபடியில் இது பெரிய பிழையாகத் தெரியாது. தள்ளுபடி பெரிதாகவும் காலம் நீளமாகவும் இருந்தால் சமப் பங்கீடு கேலிக்கூத்தாகிவிடும். 1992-ல் ஐ.டி.பி.ஐ. வெளியிட்ட டீப் டிஸ்கவுண்ட் பாண்டு பலருக்கு நினைவிருக்கலாம். பிள்ளைகள் பெயரில் வாங்கி வைத்தவர்கள் உண்டு. 2,700 ரூபாய் போட்டால் 25 ஆண்டு முடிவில் ஒரு லட்சம். நடுவில் வட்டி என்று ஒரு பைசா வராது. வட்டி முழுவதும் தள்ளுபடிக்குள்ளேயே இருந்தது. கடைசி வரை போனால் அதன் உண்மை வீதம் ஆண்டுக்குச் சுமார் 15.5 சதவீதம்.

தள்ளுபடி 97,300 ரூபாய். இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 3,892. அதாவது 2,700 ரூபாய்க் கடனுக்கு முதல் ஆண்டிலேயே 3,892 ரூபாய் வட்டி, 144 சதவீதம்! தண்டல்காரரே கூசிப்போகும் வீதம். உண்மை வீதத்தில் பார்த்தால் முதல் ஆண்டின் வட்டி சுமார் 420 ரூபாய்தான். கடைசி ஆண்டில் அதே 15.5 சதவீதம் சுமார் 13,450 ரூபாயாகிறது, ஏனென்றால் அதற்குள் கடன் 86,500-ஐத் தாண்டியிருக்கும். பன்னிரண்டு ஆண்டு முடிந்த நிலையில், ஏறத்தாழப் பாதிக் காலத்தில், சமப் பங்கீட்டின்படி கடன் 49,400 என்று புத்தகம் சொல்லும்; உண்மை வீதத்தின்படி சுமார் 15,300 மட்டுமே. அந்தக் கட்டத்தில் ஒருவர் ஐந்தொகையைப் பார்த்துக் கடன் சுமையை எடைபோட்டால் மூன்று மடங்குக்கு மேல் தவறிவிடுவார்.

சரி, வீதம் 10 என்று எனக்கு முன்பே தெரியும், நானே வைத்துக்கொண்ட கணக்கு. நடைமுறையில் கையிலிருப்பது விற்ற விலையும் பத்திரத்தின் நிபந்தனைகளும்தான். வீதத்தைத் தேட வேண்டும். எக்செலில் ஒரே வரி:

```
=RATE(5,8000,-92418,100000)
```

இதில் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். வரும் பணமும் போகும் பணமும் எதிர்க் குறியில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டல் குறியில் போட்டால் `#NUM!` என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பணம் வாங்கிக்கொண்டே இருந்தேன், எதையும் கொடுக்கவில்லை என்று சொன்னால் வட்டி வீதம் எங்கிருந்து வரும்?

வெளியீட்டுச் செலவையும் இந்த இடத்தில்தான் சேர்க்க வேண்டும். மெர்ச்சன்ட் பேங்கருக்கு, வக்கீலுக்கு, தரமதிப்பீட்டுக்கு என்று இந்தப் பத்திரத்துக்காகவே 1,500 ரூபாய் போனதாக வைத்துக்கொள்வோம். அப்போது கம்பெனிக்கு உண்மையில் கிடைத்தது 90,918. முதல் நாள் கடனும் அதுவே. அதை வைத்துத் தேடினால் வீதம் சுமார் 10.42 சதவீதமாக உயர்கிறது. அந்த 1,500-ஐ ‘சட்டச் செலவு’ என்ற தலைப்பில் முதல் ஆண்டே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. கடன் வாங்க ஆன செலவு கடனின் விலையில்தான் சேர வேண்டும்.

வேறு இரண்டு தவறுகளை அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். சிலர் 10 சதவீதத்தை முகமதிப்பான ஒரு லட்சத்தின் மேல் போட்டு ஆண்டுதோறும் 10,000 எழுதுவார்கள். கடனில் ஆண்டுக்கு 2,000 ஏறி, ஐந்தாம் ஆண்டு 1,02,418-ல் போய் நிற்கும். கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கடன். இன்னும் சிலர் புத்தகக் கடனின் மேல் பத்திரத்தில் அச்சிட்ட 8 சதவீதத்தைப் போடுவார்கள். வட்டி 7,393 வரும், கொடுத்தது 8,000, கடன் குறையத் தொடங்கும். தள்ளுபடியில் விற்ற, ஆண்டுதோறும் ஒரே வட்டி தரும் பத்திரத்தின் கடன் குறையவே கூடாது. ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும், ஏறும் தொகையும் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்க வேண்டும், கடைசியில் முகமதிப்பில் முடிய வேண்டும். ஓரிரண்டு ரூபாய் தப்பினால் அது முழு ரூபாயாக்கியதில் வந்தது. கடைசி ஆண்டு வட்டியில் சரிக்கட்டிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் தப்பினால் வீதத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த முறை சந்தையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு முடிந்ததும் சந்தை வட்டி 12 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்திரம் சுமார் 87,850-க்குத்தான் விலைபோகும். கம்பெனியின் புத்தகத்திலோ கடன் 93,660 என்று அசையாமல் நிற்கும். முதல் நாள் பூட்டிய 10 சதவீதம் கடைசி வரை 10 சதவீதம்தான். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி நாள் வரை வைத்திருந்து முழுத் தொகையையும் கொடுக்கப்போகிற கம்பெனிக்கு, நடுவில் சந்தை சொல்லும் விலை ஒரு செய்தி மட்டுமே. அதற்காக 5,810 ரூபாய் லாபம் என்று எழுதிக்கொள்வது கையில் வராத பணத்தை எண்ணுவது. உண்மையிலேயே 87,850 கொடுத்துத் தன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் அப்போது அந்த லாபம் கணக்கில் வரும்.

கொடுக்கும் திட்டம் மாறினால் மட்டும் புத்தகம் அசைய வேண்டும். முன்கூட்டியே அடைக்க நிபந்தனைகள் இடம் தருகின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் உட்கார்ந்து யோசித்த கம்பெனி, ஐந்தாம் ஆண்டு வரை காத்திராமல் நான்காம் ஆண்டு முடிவிலேயே முழு ஒரு லட்சத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்கிறது. அன்று புத்தகத்தில் கடன் 96,529. இனிக் கொடுக்க வேண்டியது ஓராண்டு கழித்து 1,08,000. அதைப் பழைய 10 சதவீதத்திலேயே தள்ளினால் 98,182. புதிய சந்தை வீதத்தைத் தேடக் கூடாது; பழைய வீதம்தான். வித்தியாசமான 1,653 ரூபாய் அன்றே லாப நட்டக் கணக்கில் செலவாக ஏறும். இரண்டு ஆண்டில் மெல்லக் கரைய வேண்டிய தள்ளுபடியை ஓராண்டுக்குள் கரைக்க வேண்டியிருப்பதால் வரும் விலை அது.

வாங்கியவர் பக்கத்திலும் இதே அட்டவணை அப்படியே பொருந்தும்; கம்பெனிக்குச் செலவாகும் 9,242 அவருக்கு வருமானம். ஆனால் நம் வங்கிகள் நெடுங்காலம் இதைப் பாதி மட்டுமே செய்துவந்தன. முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால் அந்தக் கூடுதலை ஆண்டுதோறும் கரைப்பார்கள். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் வாங்கிய விலையிலேயே விட்டுவைத்து, முதிரும் நாளில் மொத்தமாக லாபம் பார்ப்பார்கள். நட்டத்தை முன்னால் எழுது, லாபத்துக்குக் காத்திரு என்ற பழைய எச்சரிக்கை அது. ரிசர்வ் வங்கி 2023-ல் வெளியிட்ட விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, வணிக வங்கிகள் இத்தகைய பத்திரங்களின் தள்ளுபடியையும் மீதமுள்ள காலத்துக்குப் பரப்பி ஆண்டுதோறும் வருமானமாக எழுதுகின்றன.